பங்கு ஒன்றுக்கு இருநூறு

மீட்டர் என்று கூப்பிடப்பட்ட அவளுக்குப் பயம் கூடவே பிறந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஜாதி. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, நான்காவது முறை இழுக்கலாமா என்று யோசிப்பவள். இப்படிப்பட்டவர்களை உலகம் கிண்டல்தான் செய்யும். இவள் மட்டும் அந்தப் பயத்தைத் தொழிலாக்கிவிட்டாள்.

பதினான்கு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்த்தாள். ஒரு நீண்ட விடுமுறையில் தடுப்பு மருந்து வைத்திருந்த குளிர்பெட்டி கெட்டுப்போனது, யாருக்கும் தெரியவில்லை. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு. அத்தனை மருந்தும் குப்பைக்குப் போயிற்று. அன்றைக்கு அவளைப் பிடித்த பயத்திலிருந்து பிறந்ததுதான் அந்தச் சின்னப் பெட்டி. குளிர்பெட்டிக்குள் வெப்பத்தை அளக்கும் ஓர் உணரி, வெளியே ஒரு விளக்கு. உள்ளே இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ எட்டுக்கு மேலே ஏறினாலோ கத்தும், அலுவலகத்துக்கும் செய்தி அனுப்பும். உடனே இவர்கள் கிளினிக்குக்குப் போன் செய்து, மருந்தை எங்கே மாற்றுவது, என்ன செய்வது என்று சொல்வார்கள்.

இவர்கள் என்றால் இரண்டு பேர். அவளும், அதே ஆஸ்பத்திரிக்குக் கருவி விற்க வந்துகொண்டிருந்தவனும். அவனுக்கு வாய் ஓயாது. அவள் அவனை ‘ஸ்பீக்கர்’ என்றாள், அவன் அவளை ‘மீட்டர்’ என்றான். பதினொரு வருஷத்தில் அந்தப் பெயர்களே நிலைத்துப்போயின. டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடியில் இப்போது பதினாலு பேர் வேலை செய்தார்கள். முந்நூற்று நாற்பது கிளினிக்குகள் அவர்கள் பெட்டியை நம்பி இருந்தன.

அந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு. எந்த எண்ணும் ஒரே ஜோடிக் கண்ணோடு வெளியே போகக்கூடாது. இரண்டாம் வருஷம் நாற்பது பெட்டிகளில் மேல் வரம்பை எட்டு என்பதற்குப் பதில் பதினெட்டு என்று அவள் போட்டுவிட்டாள். அனுப்பக் கட்டி வைத்த பிறகு அவன் தற்செயலாகப் பார்த்தான். அன்றிலிருந்து அவள் எழுதிய எண்ணை அவன் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவான், அவன் எழுதியதை அவள் நீலத்தால் டிக் போடுவாள். சோதனைச் சீட்டு, விலைப்பட்டியல், வாடகைக் கடிதம், எதுவானாலும் சரி. ஊழியர்கள் ரகசியமாகச் சிரிப்பார்கள், ஆனால் அவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

பிளவு லாரி உருவத்தில் வந்தது. இறைச்சியும் ஐஸ்கிரீமும் ஏற்றிப்போகும் ஒரு குளிர்பதன நிறுவனம் மூவாயிரம் பெட்டி கேட்டது. கை நிறைய வேலை, வருஷக்கணக்கில். ஆனால் அதைச் செய்தால் கிளினிக் வேலையைச் செய்ய ஆள் இல்லை. கிளினிக் போன்களுக்கே மூன்று பேர் நாள் முழுக்க வேண்டியிருந்தது, லாபமோ அந்த மூன்று பேர் சம்பளத்துக்கே மூச்சு வாங்கியது.

எட்டு மாதம் பேசினார்கள். அவன் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. பதினாலு குடும்பம் இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்றான். பெட்டி கத்தும்போது கிளினிக்குக்குப் போன் செய்ய யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். இரண்டு கேள்விக்கும் ஒரே அறையில் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லா ஊழியர்களும் இருக்கும்போது, “அடுத்த மாசத்தோட கிளினிக் லைனை மூடப் பார்க்கணும்” என்று அவன் சொல்லிவிட்டான். அவளிடம் முதலில் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கம்பெனி தொடங்கிய அன்று வக்கீலம்மா அதை விளக்கியபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“நாளைக்கு ஒத்து வரலைன்னா, ஒருத்தர் பங்குக்கு ஒரு விலை சொல்லணும். மத்தவர் தன்னோடதை அந்த விலைக்கு விக்கலாம், இல்ல அதே விலைக்கு இவரோடதை வாங்கலாம். விலை சொன்னவருக்கு மறுபேச்சு கிடையாது.”

“ரெண்டு பிள்ளைங்களுக்கு ஒரே கேக்கைக் குடுத்தா, ஒண்ணு வெட்டணும், இன்னொண்ணு எடுக்கணும், அதானே?” என்றான் ஸ்பீக்கர். “நீ வெட்டு மீட்டர், நான் எடுத்துக்கிறேன்.”

இப்போது அவள் வெட்ட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்பே வக்கீலம்மா குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டார், விலைக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு. “குறைச்சுப் போட்டா அவர் உங்களை வாங்கிடுவார். ஏத்திப் போட்டா உங்களால குடுக்க முடியாது. அவர் பின்னால அந்த லாரிக்காரங்க காசோட நின்னா என்ன ஆகும்னும் யோசிங்க. நியாயமான விலைதான் ஒரே பாதுகாப்பு. ஆடிட்டர் மதிப்பை வச்சுப் போடுங்க. போட்டதும் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டுங்க.”

ஆடிட்டரின் தாளில் கம்பெனியின் மதிப்பு எண்பது லட்சம் என்று இருந்தது. மொத்தப் பங்குகள் இருபதாயிரம், ஆளுக்குப் பத்தாயிரம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாற்பது லட்சம் தர வங்கி சம்மதித்திருந்தது. வீடு போனால் வீட்டுக்காரரும் மகளும் அவளும் நடுத்தெரு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பினாள். ஊழியர்கள் முன்னால் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. காலையில் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. திங்கட்கிழமை வரை காத்திருந்தால் பயந்து கிழித்துப் போட்டுவிடுவோம் என்று பட்டது. வாழ்நாள் முழுக்க பூட்டை இழுத்துப் பார்த்தவள், தன் பயத்துக்கே பயந்து, அந்த ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை.

குறிப்பு இப்படி இருந்தது:

‘கம்பெனி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் நமக்குள் உள்ள வேறுபாடு பேசித் தீரக்கூடியதாக இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவின்படி இதை எழுதுகிறேன். பங்கு ஒன்றுக்கு நான் சொல்லும் விலை இருநூறு. இந்த விலைக்கு உன் பங்குகளை எனக்கு விற்கலாம், அல்லது இதே விலைக்கு என் பங்குகளை வாங்கலாம். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதன் பின் நாற்பத்தைந்து நாளுக்குள் பணம். போகிறவர் கம்பெனிக் கடனுக்காக வங்கிக்குக் கொடுத்த ஜாமீனிலிருந்து அதே நாளில் விடுவிக்கப்பட வேண்டும். போகிறவர் இரண்டு வருஷம் இதே தொழிலைச் செய்யக்கூடாது. இருப்பவர் யாராக இருந்தாலும் இப்போதுள்ள கிளினிக்குகளின் போன் சேவையை இரண்டு வருஷம் நிறுத்தக்கூடாது.’

அந்தக் கடைசி வரியை வக்கீலம்மா எழுதும்போதே வேண்டாம் என்றார். நீங்கள்தானே வாங்கப் போகிறீர்கள், உங்களையே எதற்குக் கட்டிப்போடுகிறீர்கள் என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள் மீட்டர். ஏன் என்று சொல்லவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயத்தை வக்கீலிடம்கூட வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

சனிக்கிழமை காலை அவன் மேஜையில் வைத்தாள். ஸ்பீக்கர் முதல் வரியைப் படித்தான். அவளுடைய பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டான். கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம் விடுமா? சிவப்புப் பென்சிலை எடுத்தான். தாளின் மேல் குனிந்தான். பென்சில் நின்றது. பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான். அவன் மௌனமாக அந்தப் படிகளில் இறங்கியதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் சோதனை அறைக்குள் போனாள். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் உணரியை விட்டு, பூஜ்யத்தில் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைக்கச் சில நிமிஷம் ஆகும். சும்மா இருக்க முடியாமல் பிரதியை எடுத்து விரித்தாள். இருநூறு. அவன் பங்கு பத்தாயிரம். பெருக்கினாள்.

இருபது லட்சம் வந்தது.

மறுபடி பெருக்கினாள். இருபதுதான். நாற்பது வர வேண்டும். ஒரு கணம் கால்குலேட்டர்மேல் சந்தேகப்பட்டாள், பாவம் அது என்ன செய்யும். ஆடிட்டர் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எண்பதைப் பாதியாக்கி, அவன் பாகம் நாற்பது என்று எடுத்திருக்கிறாள். அந்த நாற்பதைப் பத்தாயிரத்தால் வகுப்பதற்குப் பதில், தாளின் தலைப்பில் இருந்த இருபதாயிரத்தால் வகுத்திருக்கிறாள். நானூறு என்று இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு.

பனிப் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு வியர்த்து வழிந்தாள். பாதி விலைக்குத் தன்னையே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இருபது லட்சம் என்றால் அவனுக்கு லாரிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

வக்கீலம்மா மதியம் போனை எடுத்தார். நடந்ததைச் சொன்னாள்.

“திரும்ப வாங்க முடியாதாம்மா?”

“அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார் இல்லையா? அவர் சம்மதிச்சாத்தான் முடியும். அவர் எதுக்குச் சம்மதிக்கப் போறார்?”

“நான் போய்த் தப்புன்னு சொல்லிட்டா?”

“வாயைத் திறக்காதீங்க. அவர் இதை உங்க தந்திரம்னு நினைக்கலாம். நினைச்சு, போதும்டா சாமின்னு வித்துட்டுப் போனாலும் போகலாம். சொன்னீங்கன்னா தப்புன்னு உறுதியாயிடும், உடனே வாங்கிடுவார்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு இரண்டாவது பயம் வந்தது, முதலாவதைவிடப் பெரிதாக. அவன் உண்மையிலேயே விற்றுவிட்டால்? பதினொரு வருஷ உழைப்புக்குப் பாதி விலையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டால், தான் யார்? கணக்குத் தெரியாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டாளியை ஏமாற்றியவள் என்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போவான்.

அடுத்த வாரம் முழுக்க அவன் வந்தான், போனான். அவளைப் பார்த்தால் தலையை அசைத்தான், அவ்வளவுதான். ஒரு நாள் லாரிக்காரர்களின் ஆள் வந்து அவன் அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் சிரிப்பா அவர் சிரிப்பா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், தெரியவில்லை. போன் மணி அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாடு இறங்கவில்லை. உப்பே போடாமல் சமைத்து வைத்தாள், வீட்டுக்காரரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளால் அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுபவர். வாயிலிருந்து வார்த்தையைக் குறடு போட்டுத்தான் இழுக்க வேண்டும். துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஏங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே.”

“என்னத்தைச் சொல்ல? சொன்னா கம்பெனி போகும். சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் போகும்.” ஒரு போர்வையை உதறினார். “தூக்கம் ஏற்கெனவே போயிடுச்சு.”

“வக்கீலம்மா வாயைத் திறக்காதன்னாங்க.”

“அவங்க வேலை அது. அவனோட பதினோரு வருஷம் உக்காந்தது அவங்க இல்லையே.”

திங்கட்கிழமை காலை அவள் அவன் அறைக் கதவைத் தள்ளினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“எண் தப்பு,” என்றாள்.

ஸ்பீக்கர் நிமிர்ந்து பார்த்தான்.

“இருநூறு இல்ல. நானூறு. இருபதாயிரத்தால வகுத்துட்டேன். தந்திரம் எதுவும் பண்ணலை. இப்ப நீ என்ன வேணா பண்ணிக்கோ, தப்புன்னு சொல்லாம என்னால இருக்க முடியலை.”

அவன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். அந்தத் தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். முப்பதுக்கு ஒரு டிக். நாற்பத்தைந்துக்கு ஒரு டிக். இரண்டு வருஷத்துக்கு, இரண்டு இடத்திலும் டிக். இருநூறைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் அவன் கையெழுத்தில் ‘400?’ என்று. கீழே தேதி இருந்தது. அவள் கொடுத்த அதே சனிக்கிழமையின் தேதி.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னைக்கே பார்த்தியா?”

“கீழ டயர் கடை பெஞ்சுல உக்காந்து வட்டம் போட்டேன்.”

“அப்புறம் ஏன் சொல்லலை? நான் செத்துப் பிழைச்சேன் தெரியுமா?”

“நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன்,” என்றான். உடனே தலையை ஆட்டினான். “இல்ல, அது பொய். அந்த லாரிக்காரன் இந்தத் தாளைப் பார்த்துட்டு, இப்பவே கையெழுத்துப் போடுன்னு உசுரை வாங்கினான். நானும் பேனாவை எடுத்தேன் மீட்டர். ரெண்டு தடவை எடுத்தேன்.”

“போட்டிருக்கலாமே.”

“உன் எண்ணு தப்பா இருந்தா வட்டம் போட்டுத் திருப்பித் தரணும். அதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணிப் பழக்கமில்லை எனக்கு.” தாளை அவள் பக்கம் தள்ளினான். “இது செல்லாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக்கலாம். சரி பண்ணிக் கொண்டு வா.”

அன்று மாலையே வக்கீலம்மா, இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே, பழைய குறிப்பை ரத்து செய்யும் தாளைத் தயாரித்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் புதிய குறிப்பு போயிற்று, பங்கு ஒன்றுக்கு நானூறு. மற்ற வரிகள் அப்படியே இருந்தன. அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது. இவ்வளவு நல்லவன் தன்னைக் கைவிட மாட்டான் என்று நினைத்தாள். வீட்டில் உப்புப் போட்டுச் சமைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவன் சோதனை அறைக்கு வந்தான். அவள் பனிப் பாத்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். அவன் கையில் ஒரு தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் சும்மா, இப்போதுதான் உண்மையான பயம் என்று பட்டது.

“நான் வாங்கிக்கிறேன் மீட்டர்.”

அவள் உணரியைப் பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்தாள்.

“எண்ணுல உன்னை ஏமாத்த மாட்டேன். ஆனா கம்பெனி விஷயத்துல நான் நினைச்சது சரின்னுதான் இன்னமும் நினைக்கிறேன். அதுக்காக வித்துட்டுப் போனா நான் என்னையே ஏமாத்திக்கிறேன்.” கையிலிருந்த தாளைத் தட்டினான். “கிளினிக் லைன் ரெண்டு வருஷம் ஓடும். நீ எழுதினபடியே. அந்த வரியை எடுக்கச் சொல்லு, அப்பத்தான் பணம்னு லாரிக்காரன் குதிச்சான். எடுக்க மாட்டேன்னுட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டான்.”

“ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்?”

“தெரியலை.”

அதையும் பொய் சொல்லாமல் சொன்னான். அவள் அவனை வெறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. நாளைக் காலை எழுந்து எங்கே போவது என்ற ஒன்று மட்டும் இருட்டாக முன்னால் நின்றது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு வருஷம் இந்தத் தொழிலைத் தொடக்கூடாது, அவளே எழுதிய வரி. அவளுக்குத் தெரிந்ததோ இந்த ஒரு தொழில்தான்.

அவன் அந்தத் தாளை மேஜையில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அதன் மேல் வைத்தான். அவளுடைய நீலப் பென்சில். அவள் மேஜையிலிருந்து எடுத்து வந்திருக்கிறான்.

“இது நான் எழுதினது,” என்றான். “நீ பார்க்காம எப்படி வெளிய அனுப்பறது?”

அவள் பென்சிலை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பங்குகள் பத்தாயிரம், டிக். விலை நானூறு, டிக். நாற்பத்தைந்து நாள், டிக். ஜாமீன் விடுவிப்பு அதே தேதி, டிக். கடைசியில் நாற்பது லட்சம் என்று எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. பழக்கத்தில் ஓரத்தில் ஒரு முறை பெருக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை, மூன்றாவது முறை. எங்காவது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்காதா, வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்க மாட்டோமா என்று தேடினாள்.

எல்லாம் சரியாக இருந்தது. டிக் போட்டுத் தேதி எழுதிக் கொடுத்தாள்.